முதல் மணியிலேயே எடுத்த ஆள்

சிட்டுவின் அம்மாவுக்கு வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கினால் மனசு ஆறாது. எல்லாம் எழுத்தில் வேண்டும். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். அங்கே கையைக் கழுவினால்கூட எத்தனை மணிக்குக் கழுவினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காஸ் அடுப்பின் ரப்பர் குழாயை மாற்றிய தேதி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். கப்பலில் எஞ்சின் பார்க்கிற அவள் கணவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும்போது, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

மகள் சிட்டுவுக்குப் பத்தொன்பது வயது. ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் படிக்கிறாள். இரண்டு வருடம் கல்லூரி விடுதியில் இருந்தவள், இந்த வருடம் தானாகவே ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் அறை பார்த்து, தானாகவே பேசி, தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிபோய்விட்டாள்.

“ரூம் எப்படிடி இருக்கு?”

“நல்லா இருக்கும்மா. காத்து வருது.”

“பாதுகாப்பா இருக்கா?”

“ம்.”

இந்த ஒற்றை ‘ம்’தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒரு தாயிடம் இந்த மாதிரிக் கேள்விக்கு ‘ம்’ என்று சொல்லக் கூடாது. நாலு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் அந்தக் கடிதமே பிறந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், எண்ணெய் கழுத்தில் இறங்கும்வரை எழுதினாள். சிட்டு குடியிருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கு எழுதிய அந்தக் கடிதத்தை இரண்டு பக்கமும் படம்பிடித்து, அறை வாடகைக்கு என்று சிட்டு அனுப்பியிருந்த விளம்பரத்தில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள்.

“ஐயா, உங்கள் வீட்டு இரண்டாம் மாடியில் தெருவைப் பார்த்த அறையில் இருக்கும் பெண்ணின் தாய் எழுதுவது. கோபித்துக்கொள்ளக் கூடாது. அறைக் கதவை உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியுமா? ஜன்னல் கம்பி நிரந்தரமா, தீப்பிடித்தால் திறக்கிற மாதிரியா? புகை அலாரம் இருக்கிறதா, கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தீர்கள்? அந்த அறைக்கு மொத்தம் எத்தனை சாவி, மற்ற சாவி யாரிடம்? என் மகளைப் பார்க்க யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று எழுதி வைக்கிறீர்களா? வைத்தால் மாதம் ஒருமுறை எனக்கு நகல் அனுப்ப முடியுமா? ஏதாவது அவசரம் என்றால் முதலில் அழைக்க வேண்டியது என்னைத்தான். என் எண் கீழே இருக்கிறது. எந்த நேரமானாலும் அழைக்கலாம்.”

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். அந்த இரண்டு கோட்டுக்கு ஒரு கதை உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

சிட்டு மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து கை முறிந்தது. மணி பதினொன்று. பள்ளியிலிருந்து அம்மாவின் செல்போனுக்குக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்கள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் போன் தொழிற்சாலையில் உடைமாற்றும் அறையின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. மருந்து நிரப்பும் அறைக்குள் தூசு போகக் கூடாது என்பதால் மோதிரம், வளையல், கைக்குட்டை, போன் எதுவும் உள்ளே போகாது. ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது பதினேழு மிஸ்டு கால். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பிள்ளை கட்டுப் போட்ட கையோடு, பள்ளிக்கூட ஆயாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் கண்ணீர் காய்ந்து கோடு கோடாக இருந்தது. பதினோரு வருடம் ஆகிறது. அந்தப் பதினேழு என்கிற எண்ணை பஸ் கண்ணாடியில் பார்த்தால்கூட இவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தாள். பிள்ளை வளர்ந்தாள். தையல்காரம்மா வீடு மாறிப் போனாள். வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் போன் அதே பெட்டிக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் பாருங்கள், ‘எந்த நேரமானாலும் அழைக்கலாம்’ என்று எழுதும்போது அவளுக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. தாய் என்றால் எந்த நேரமும்தான் என்று கை தானாக எழுதிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்தது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வட்டாரத்து லிஃப்டுகளுக்கு மாதாமாதம் சோதனை போட்டு அறிக்கை எழுதுகிறவர். பதிலும் அப்படியே அறிக்கையாக வந்திருந்தது.

“அறைக் கதவு: உள்ளே திருகு பூட்டு. சாவி தேவையில்லை. நிலை சரி. ஜன்னல்: கம்பியின் ஒரு பகுதி கீல் போட்டது, உள்பக்கக் கொக்கியை விலக்கினால் திறக்கும். வாடகைதாரரையே திறக்க வைத்துப் பார்த்தேன். நிலை சரி. புகை அலாரம்: மாதத்தின் முதல் ஞாயிறு சோதனை. பேட்டரி மாற்றிய தேதி அதன்மேலேயே எழுதியிருக்கிறது.

“சாவி இரண்டு. ஒன்று வாடகைதாரரிடம். மற்றது உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் அவரே கையெழுத்துப் போட்டு, என் பீரோவில் இருக்கிறது. புகை வந்தால், தண்ணீர் கசிந்தால், அல்லது கதவைத் தட்டியும் போன் செய்தும் பதில் இல்லாமல் கவலைப்படக் காரணம் இருந்தால் மட்டும் உறையைப் பிரிப்பேன். அப்போதும் இன்னொரு ஆளைக் கூட வைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன். சாதாரண ரிப்பேர் வேலை என்றால் ஒரு நாள் முன்னால் சொல்லாமல் போக மாட்டேன்.

“விருந்தினர்: கீழ்க்கூடத்தில் பார்க்கலாம், அறையிலும் பார்க்கலாம். இரவு தங்குவதானால் மட்டும் ஒரு சீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக் கீழே உள்ள பெட்டியில் போட வேண்டும். தீப்பிடித்தால் எத்தனை தலை வெளியே வர வேண்டும் என்று எண்ணத்தான் அது. காலையில் சீட்டைக் கிழித்துவிடுவேன். ஆகவே நகல் அனுப்ப ஒன்றும் இல்லை. இருந்தாலும் அனுப்ப மாட்டேன். அவர் வயது வந்தவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். உங்கள் கடிதம் அவரைப் பற்றியது என்பதால் அதன் நகலை அவரிடம் கொடுத்துவிட்டேன்.”

இதுவரைக்கும் படித்தவள் ‘அட கடவுளே’ என்று தலையில் கை வைத்தாள். ஆனால் நேராகக் குத்தியது அதற்கு அடுத்த பத்திதான்.

“அவசர எண்: சோதித்துப் பார்க்காத எண்ணை நான் எழுதிக்கொள்வதில்லை. லிஃப்டுக்குள் மாட்டுகிற போனும் அப்படித்தான். நீங்கள் கொடுத்த எண்ணுக்குத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பதினொரு மணிக்கு அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. நிலை: தகுதியில்லை. வாடகைதாரர் ஏற்கெனவே கொடுத்த எண்ணுக்கும் அதே நேரங்களில் அழைத்தேன். மூன்று முறையும் முதல் மணியிலேயே ஒரு ஆண் எடுத்தார். சம்மதமும் சொன்னார். நிலை: மிகச் சரி.”

புது எண்ணிலிருந்து மூன்று மிஸ்டு கால் வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. யாரோ விளம்பரக்காரன் என்று விட்டிருந்தாள். தகுதியில்லை என்ற வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பதினாறு வருடத்தில் அவள் நிரப்பிய ஒரு பாட்டில்கூட அந்த முத்திரை வாங்கியதில்லை.

அந்தக் கோபத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒரு ஆண். யார் அந்த ஆண்?

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மூடி அக்காவிடம் சொன்னாள். பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரத்தைப் பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

“முதல் மணியிலயே எடுத்தானாமா?” மூடி அக்கா டப்பாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப போனை கையிலயே வெச்சிருக்கறவன். வேலைவெட்டி இல்லாதவனா இருக்கணும், இல்லன்னா ரொம்ப அக்கறை உள்ளவனா இருக்கணும்.”

“ரெண்டுமே எனக்குப் புடிக்கல.”

“பேசாம அவளையே கேட்டுடேன்.”

“கேட்டா ‘ம்’னு சொல்லுவா.”

சிட்டுவுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. தன் தம்பி வேறு நாட்டில் இருக்கிறான். பதினொரு மணிக்கு அவனுக்கு நடுத்தூக்கம். கணவர் நடுக்கடலில். பேராசிரியராக இருக்குமோ என்று பார்த்தால், வகுப்பு நடத்துகிற மனுஷன் பதினொரு மணிக்கு முதல் மணியில் போன் எடுப்பாரா? அப்படியானால் கூடப் படிக்கிற பையன். அவனும் பதினொரு மணிக்கு வகுப்பில்தானே இருக்க வேண்டும்? வகுப்புக்கே போகாத பையனா? மத்தியானம் முழுக்க பாட்டில்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன, இவள் மண்டைக்குள் ஆம்பிளைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தனும் பொருந்தவில்லை.

சாயங்காலம் சிட்டுவே கூப்பிட்டாள். குரலில் சூடு இருந்தது.

“யார் வர்றாங்க போறாங்கன்னு மாசாமாசம் நகல் கேட்டியாம்மா? நான் என்ன உன் ஃபாக்டரி பாட்டிலா?”

“பயத்துல எழுதிட்டேன்டி.”

“பயமா இருந்தா என்னைக் கேக்கணும். ரூமைப் பாக்கப் போனப்ப கதவு, ஜன்னல், சாவி எல்லாத்தையும் நானும் கேட்டேன் தெரியுமா? நீ கேட்ட அதே கேள்விதான். வரிசைகூட மாறல. வீட்டுக்காரர் உன் லெட்டரைக் குடுத்துட்டு சிரிக்கிறாரு.”

சிட்டுவின் அம்மாவுக்கு ஒரு நிமிடம் பெருமை வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

“அதெல்லாம் இருக்கட்டும். போன் எடுக்கற அந்த ஆள் யாரு?”



“எனக்கு ஏதாவதுன்னா உடனே கிளம்பி வரக்கூடிய ஆள்கிட்ட சொல்லக்கூடியவரு” என்றாள் சிட்டு. “நல்லவரு. போதுமா?”

“எனக்கு முன்னாடி அவருக்கா சொல்லுவாங்க?”

“அம்மா, உன் போன் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்ல.”

குத்திக் காட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. சும்மா, மழை வருது என்பது மாதிரி சொன்னாள். அதனாலேயே அது நேராக உள்ளே போய்த் தைத்தது. மிச்சக் கேள்வி எதையும் அம்மா கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதாள்.

ஆனாலும் இரண்டு நாளில் வீட்டுக்காரருக்கு இரண்டாவது கடிதம் எழுதினாள். முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். விருந்தினர் விஷயத்தை இனி கேட்பதில்லை என்று எழுதினாள். ஆஸ்பத்திரி, தீ, போலீஸ், அல்லது மகள் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை, இந்த நாலு காரணத்துக்காவது தனக்கும் சொல்ல வேண்டும், அதற்கு மகளின் சம்மதக் கையெழுத்து தேவை என்றால் வாங்கிக்கொள்ளவும் என்று கேட்டாள். “வேலை நேரத்தில் என் போன் என்னிடம் இருக்காது. அதை முதலிலேயே எழுதாதது என் தப்பு. முதல் ஆளாக இல்லாவிட்டாலும் இரண்டாவது ஆளாக என்னை வையுங்கள்.” இதை எழுத அவளுக்கு மூன்று தாள் பிடித்தது.

பதில் இரண்டே வரியில் வந்தது. “கோரிக்கை நியாயமானது. வாடகைதாரர் கையெழுத்திட்டுவிட்டார். இறுதிச் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. முடிந்ததும் தெரிவிக்கிறேன்.”

என்ன சோதனை, யாருக்குச் சோதனை, ஒன்றும் இல்லை. மனுஷன் எழுத்துக்குப் பஞ்சம் வந்த மாதிரி எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நிரப்பும் அறைக்குள் இருந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, இரண்டு ஜோடி கையுறை. கண் மட்டும்தான் தெரியும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் வந்து நின்றார். வழக்கமாகக் கையை ஆட்டிவிட்டுப் போகிறவர், இன்று ஒரு அட்டையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘கேட்டில் போன். மகள் விஷயம்.’

பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூடி அக்கா ஒரு கையால் அவளைத் தள்ளிவிட்டு அவள் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். சிட்டுவின் அம்மா வெளி அறைக்கு வந்து கையுறையை உருவினாள், முகமூடி, தொப்பி, உடுப்பு. ஒரு கால் சிக்கிக்கொண்டது. சிக்கிய காலை இழுத்துக்கொண்டே அடுத்த கதவைத் திறந்தாள். காலில் மாட்டிய துணி உறையோடு வராந்தாவில் ஓடினாள், முற்றத்தில் ஓடினாள், லாரி ஒன்று இவளுக்காக நின்றது. பதினேழு, பதினேழு என்று மட்டும்தான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கேட் அண்ணன் காவல் அறையின் வாசலிலேயே ரிசீவரை நீட்டிக்கொண்டு நின்றார். இருபது வருடமாக அந்தக் கேட்டில் காவலுக்கு இருக்கிறவர். ‘சொந்தப் பேச்சுக்கு அனுமதி இல்லை’ என்று ஒட்டியிருந்த அந்தக் கறுப்புப் போனை அவள் இதுவரை தொட்டதே கிடையாது.

“பயப்படாத தங்கச்சி. பயப்படாத. பேசு.”

“ஹலோ. என் பொண்ணுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லைங்க, காலேஜ்ல இருக்கு” என்றது ஒரு நிதானமான குரல். “நான் வீட்டுக்காரன் பேசறேன். மொதல்லயே ‘சோதனை’ன்னுதான் சொன்னேன், வழியில எங்கயோ அந்த வார்த்தை விழுந்துருச்சு போல. மன்னிச்சுக்கங்க. ஏழு நிமிஷம்.”

“என்ன ஏழு நிமிஷம்?”

“நான் கூப்பிட்டதுல இருந்து நீங்க லைனுக்கு வர்ற வரைக்கும். லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களுக்கு யாரோ போன் எடுத்தா மட்டும் பத்தாதுங்க, கதவைத் திறக்கற ஆள் எத்தனை நிமிஷத்துல வருவாருன்னு சொல்லணும். உங்க பொண்ணும் அதான் கேட்டுச்சு. நேரம் பாத்து எழுதிக்கங்கன்னு.”

அவளுக்கு மூச்சு வாங்கியது. “எதுல எழுதறது?”

“கதவுக்குப் பின்னால ஒட்டற தாள்ல. படிக்கறேன், கேளுங்க. உங்க பொண்ணு கையெழுத்து. குடிவந்த அன்னைக்கே எழுதினது. ‘அவசரத்துக்கு: ஒன்று, அம்மா. கீழே உள்ளது கேட் போன். எடுப்பவரிடம் சிட்டுவின் அம்மா என்று சொல்லவும். வேலை நேரத்தில் செல்போனுக்கு அழைக்க வேண்டாம், அம்மா உள்ளே இருப்பாள்.’ இரண்டுன்னு எதுவும் எழுதல. எத்தனை நிமிஷம்ங்கற கட்டம் மட்டும் காலியா இருந்துச்சு. இப்ப ஏழுன்னு எழுதிட்டேன்.”

சிட்டுவின் அம்மா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாகத் துரத்தித் துரத்தித் தேடிய அந்த ஆம்பிளை, கையில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, குற்றவாளி மாதிரி எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்களாண்ணே?”

“அம்மாவோட செல் நம்பர் அதுல இல்லன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்கன்னு புள்ள எங்க ரெண்டு பேருகிட்டயும் கேட்டுக்கிச்சு. மொத நாளே போன் போட்டு, இந்த நம்பரைக் குடுக்கலாமா மாமான்னு என்கிட்ட சம்மதம் கேட்டுட்டுத்தான் குடுத்துச்சு.”

“இந்த நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.”

கேட் அண்ணன் பதிவேட்டை மேஜைமேல் வைத்தார். “கை உடைஞ்சப்ப லீவு எழுதிக் குடுக்க அவளையும் இழுத்துக்கிட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா? நீ ஆபீஸுக்குள்ள போனே. அது இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்துச்சு. ‘எங்க அம்மா போன் எடுக்கவே மாட்டாங்க’ன்னு அழுதுச்சு. இங்க கூப்பிடு, நான் உள்ள போயி சொல்றேன்னு மாவுக்கட்டு மேல பேனாவால நம்பர் எழுதி விட்டேன்.”

ஞாபகம் இருந்தது. மாவுக்கட்டில் நீல மையில் ஏதோ கிறுக்கியிருந்ததைப் பார்த்து, ‘வெள்ளையா இருக்கறதை அழுக்காக்கிட்டு வந்திருக்கா பாரு’ என்று அன்று இவள் திட்டியிருந்தாள். கட்டை வெட்டி எடுக்கிற அன்று, அந்தத் துண்டு வேண்டும் என்று சிட்டு அழுது அடம்பிடித்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

“ஒரு தடவைகூட அவ இங்க கூப்பிட்டதில்லையேண்ணே.”

“கூப்பிடற மாதிரி எதுவும் நடக்கலையே, தங்கச்சி. நல்லதுதானே.”

போன் இன்னும் கையில் இருந்தது. அந்தப் பக்கம் வீட்டுக்காரர் இருமினார். “அம்மா, லைன்ல இருக்கீங்களா? சரி, தாளை ஒட்டிடறேன். வேற ஏதாவது சொல்லணுமா?”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். துணி உறை ஒன்று இன்னும் காலிலேயே இருந்தது, முற்றத்து மண்ணெல்லாம் அப்பியிருந்தது. உள்ளே திரும்பிப் போவதென்றால் முதலிலிருந்து கை கழுவி, எழுதி, கையெழுத்துப் போட்டு, புது உடுப்பு மாட்ட வேண்டும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“பேனாவால எழுதாதீங்க. பென்சில்ல எழுதுங்க” என்றாள். “அடுத்த தடவை நான் இதைவிட வேகமா வந்துருவேன்.”